காவலாளி வேலைக்கு ஒரு நேர்காணல்

குடியிருப்புச் சங்கங்களிலும் சிறு தொழிற்சாலைகளிலும் செக்யூரிட்டி வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல் பெரும்பாலும் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. ஏஜென்சியிலிருந்து ஒருவர் வருகிறார், அவருடைய உயரத்தையும் உடுப்பையும் பார்க்கிறோம், பட்டாளத்தில் இருந்தவரா என்று விசாரிக்கிறோம், "நைட் டூட்டி பார்ப்பீங்களா?" என்று கேட்கிறோம், அவர் "பார்ப்பேன் சார்" என்கிறார், "தூங்க மாட்டீங்களே?" என்று கேட்கிறோம், "மாட்டேன் சார்" என்கிறார்; அன்று இரவே அவர் கேட்டில் வந்து நின்றுவிடுகிறார். நம் பிள்ளைகளும் பெற்றோரும் உறங்கும் வீடுகளின் வாயிலை ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம் என்ற பிரக்ஞை இந்தச் சம்பாஷணையில் எங்கும் இல்லை. நிர்வாகப் பொறுப்பில் இருந்த காலத்தில் ஒரு தொழிற்சாலைக்காகவும், அதன் பின் நான் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்காகவும் இத்தகைய நேர்காணல்களில் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒருவருடைய குணத்தைப் பற்றிக் கேட்பதில் பிரயோசனம் இல்லை, அவர் ஒரு குறிப்பிட்ட சந்தர்ப்பத்தில் என்ன செய்வார் என்பதைச் சொல்லவைத்து, நடித்துக் காட்டவைத்து, எழுதவும் வைத்தால்தான் ஆள் தெரிவார் என்பது அந்த அனுபவத்தில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம். அதை எப்படிச் செய்வது என்பதை இந்தப் பதிவில் விஸ்தாரமாகவே சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டிய காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவலாளி இந்தியாவின் அல்லது மத்திய அரசு அறிவிக்கும் வேறு நாட்டின் குடிமகனாகவும், 18 வயது நிரம்பி 65 வயதை எட்டாதவராகவும் இருக்க வேண்டும். அவருடைய நடத்தையும் முன்வரலாறும் விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும். பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். அந்தப் பயிற்சி வகுப்பறையில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமுமாக, குறைந்தது 20 வேலை நாட்களில் அளிக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் கூறுகின்றன. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸ்காரர்களுக்கும் அது குறைவு. சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கும். பயிற்சி உண்மையில் நடந்ததா என்பதை அறிய நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "தீயணைப்புக் கருவியை உங்கள் கையால் இயக்கியிருக்கிறீர்களா? எப்படி?" இயக்கியவர் வாயால் பதில் சொல்வதற்கு முன்பே அவர் கை பேசிவிடும். பின்னைப் பிடுங்குவதும், குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்கு நேராகப் பிடிப்பதும், கைப்பிடியை அழுத்தி இடமும் வலமுமாக வீசுவதும் அந்தக் கையில் வரிசையாக வரும். படித்து மட்டும் வந்தவர் கருவியின் நிறத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவார்.

இனி, விழிப்பைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். "தூங்குவீர்களா?" என்று கேட்டால் உலகத்தில் எந்த மனிதனும் "தூங்குவேன்" என்று பதில் சொல்லி வேலையை இழக்க மாட்டான். ஆகையால் அந்தக் கேள்வியே பொய் சொல்லும்படி அவனை வற்புறுத்துகிறது. இரவு மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் மனித உடலின் வெப்பம் மிகவும் தாழ்ந்து, நித்திரையின் இழுப்பு மிகவும் அதிகமாக இருப்பது சரீரத்தின் ஸ்வபாவம்; சம்பளமும் சீருடையும் அதை மாற்றிவிடாது. எனவே நான் இப்படிக் கேட்பது வழக்கம்: "ராத்திரி மூணு மணிக்கு மேல கண்ணை இழுக்குமே, அப்போ என்ன பண்ணுவீங்க?"

"எனக்குத் தூக்கமே வராது சார்" என்று சொல்கிறவரை நான் சந்தேகத்துடன்தான் பார்க்கிறேன். தனக்கு வரப்போகும் இடையூறை ஒப்புக்கொள்ளாதவர் அதற்கு மாற்றும் யோசித்திருக்க மாட்டார். நல்ல பதில் வேறு மாதிரி இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், முன்பு நூற்பாலையில் வேலை பார்த்தவர், சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "இழுக்கும் சார், இழுக்காம எப்படி? மூணு மணிக்கு மேல நான் நாற்காலியில உக்கார மாட்டேன். முகத்தைக் கழுவிட்டு ஒரு ரவுண்டு போயிடுவேன். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கே முடிச்சுக்குவேன், அதுவும் வயிறு முட்டச் சாப்பிட மாட்டேன்." ஆலையில் இராத்திரி ஷிஃப்ட் பார்த்துப் பழகிய மனிதருடைய அறிவு அந்தப் பதிலில் இருந்தது. அதற்கு அடுத்தபடியாக நான் கேட்பது, பலருக்கும் விசித்திரமாகத் தோன்றக்கூடியது: "பகலில் எங்கே தூங்குவீர்கள்?" இரவில் விழித்திருப்பதற்கான ஆதாரம் பகலில் இருக்கிறது. ஆறு பேர் தங்கும் ஒற்றை அறையில், சித்திரை மாதத்து வெயிலில், தகரக் கூரையின் கீழ் படுத்து எழுந்து வருகிறவர் எவ்வளவு உத்தமராக இருந்தாலும் நாலு மணிக்குச் சாய்ந்துவிடுவார். பகலில் ஆட்டோ ஓட்டுகிறவரும், இன்னொரு கடையில் பகல் டூட்டி பார்க்கிறவரும் அப்படியே. இதை நேர்காணலில் கேட்டுத் தெரிந்துகொள்வது, அவரை நிராகரிப்பதற்காக என்பதைவிட, இரவு டூட்டிக்கு வைப்பதா பகல் டூட்டிக்கு வைப்பதா என்று தீர்மானிப்பதற்குத்தான் மிகவும் உதவும்.

விழித்திருப்பது ஒன்று, கவனிப்பது வேறொன்று. ரவுண்ட்ஸ் போகும்போது எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டால், "எல்லாத்தையும் பார்ப்பேன் சார்" என்ற பதில் வரும். அதற்கு ஒன்றையும் பார்ப்பதில்லை என்றே அர்த்தம். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறதா, மோட்டார் தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடுகிறதா, மின்சார மீட்டர் அறையின் பக்கம் கருகிய வாசனை வருகிறதா, நேற்று இல்லாத வண்டி இன்று யாருடைய இடத்தில் நிற்கிறது என்று பெயர் சொல்லி அடுக்குகிறவர் ரவுண்ட்ஸ் போய்ப் பழகியவர். சில இடங்களில் சுவரில் பதித்த பொட்டுகளில் கருவியைத் தொட்டுக்கொண்டே போகும் ஏற்பாடு இருக்கிறது. அது அவர் அந்த இடத்தைக் கடந்தார் என்பதற்குச் சாட்சி. பார்த்தார் என்பதற்குச் சாட்சி ஆகாது. ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ரவுண்ட்ஸ் போனால் வெளியிலிருந்து நோட்டம் பார்க்கிறவனுக்கு அது கால அட்டவணையாகிவிடும் என்பதையும், ஆகவே நேரத்தையும் திசையையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் தாமாகவே சொல்கிறவர்கள் அபூர்வம். அப்படிச் சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள்.

இதைப் பரிசோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வந்தவர் கேட்டிலிருந்து அலுவலக அறை வரை நடந்துதான் வந்திருப்பார். "வரும் வழியில் தீயணைப்புக் கருவி எங்கே மாட்டியிருந்தது?" என்று கேளுங்கள். இடத்தைச் சொன்னால் நல்லது. மேற்சொன்ன ஆலைத் தொழிலாளி இடத்தைச் சொன்னதோடு, "அதுல முள்ளு பச்சையில இல்ல சார், கீழ இறங்கியிருக்கு" என்றும் சொன்னார். போய்ப் பார்த்தோம். அழுத்தம் இறங்கித்தான் இருந்தது.

அடுத்தது வருகிறவர்களை எதிர்கொள்வது. இதற்குக் கேள்வி போதாது. நடித்துத்தான் பார்க்க வேண்டும். நான் வெளியாளாகி விடுவேன், அவர் கேட்டில் நிற்பார்.

"பி பிளாக் 204க்குப் போகணும். நான் அவரோட மச்சான்" என்பேன்.

"சரிங்க சார். பேரைச் சொல்லுங்க, இன்டர்காம்ல ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"இன்டர்காம்ல எடுக்க மாட்டார்ப்பா. இந்தா, அவரே என் போன்ல லைன்ல இருக்கார், பேசு."

இங்கேதான் பரீட்சை. நீட்டிய போனை வாங்கிக் காதில் வைத்து, "சரிங்க சார், அனுப்பிடறேன்" என்று சொல்லிக் கேட்டைத் திறக்கிறவர்கள்தான் அதிகம். மறுமுனையில் பேசியது யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வந்தவன் நீட்டும் போனில் பேசுகிறவன், வந்தவனுடைய சாட்சியே தவிர வீட்டுக்காரருடைய சாட்சி ஆகமாட்டான். ரிஜிஸ்டரில் அந்த வீட்டுக்கென்று எழுதியிருக்கும் எண்ணுக்குக் காவலாளி தாமே கூப்பிட்டுக் கேட்டால்தான் அது அனுமதி. நல்ல காவலாளி இதைச் சண்டையில்லாமல் செய்வார்: "நீங்க பேசிக்கிட்டிருங்க சார். எங்க புக்ல இருக்கிற நம்பருக்கு நான் ஒரு தடவை கூப்பிட்டுடறேன். அதுவரைக்கும் இப்படி நிழல்ல உக்காருங்க." வந்தவருக்கு நாற்காலியும் கிடைத்தது, மரியாதையும் கிடைத்தது, கேட் மட்டும் திறக்கவில்லை.

இரண்டாவது பரீட்சை இன்னும் நுட்பமானது. "204ல யாரும் எடுக்கலையா? ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று சாதாரணமாகக் கேட்பேன். "ஆமா சார், திங்கக்கிழமைதான் வருவாங்க" என்று பதில் சொல்கிறவர் நல்லெண்ணத்துடன்தான் சொல்கிறார். ஆனால் பூட்டிய வீட்டின் விலாசத்தையும் அது எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்பதையும் ஒரு முன்பின் தெரியாதவனுக்குக் கொடுத்துவிட்டார். "எனக்குத் தெரியலைங்க சார், நீங்க வந்ததாச் சொல்றேன், பேரும் நம்பரும் எழுதிட்டுப் போங்க" என்பதே போதும். உபகாரம் செய்ய வேண்டும் என்ற ஆசையால் விவரத்தை வெளியிடுவது இந்தத் தொழிலில் மிகவும் பரவலாக இருக்கும் தோஷம். அது கெட்டவர்களைவிட நல்லவர்களிடமே அதிகம் காணப்படுகிறது என்பதால், நேர்காணலிலேயே அதைச் சுட்டிக்காட்டித் திருத்திவிட வேண்டும்.

மூன்றாவதாக, குரலை உயர்த்துவேன். "நான் யார்னு தெரியுமா? உன் வேலை போயிடும்" என்பேன். இதற்கு எதிர்க்குரல் கொடுக்கிறவரும் உதவமாட்டார், பயந்து கேட்டைத் திறக்கிறவரும் உதவமாட்டார். இதில் ஒரு நியாயத்தை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அவர் பயப்படுவதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். வசிப்பவர் ஒருவர் தம் விருந்தினரை நிறுத்தியதற்காகக் காவலாளியைத் திட்டும்போது, சங்கம் வாய் திறக்காமல் இருந்தால், மறு நாளிலிருந்து கார் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் கேட் தானாகத் திறக்கும். நடந்து வருகிறவர்களும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் மட்டுமே நிறுத்தி விசாரிக்கப்படுவார்கள். ஆகவே நான் நேர்காணலிலேயே சொல்லிவிடுவது உண்டு: "விதிப்படி நிறுத்தினால் உங்களுக்காகப் பேசுவது எங்கள் பொறுப்பு."

விதிக்கு விலக்கு எங்கே என்று தெரிந்திருப்பதும் விழிப்பின் பகுதியே. ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஓர் இளைஞர், "பேரு, வண்டி நம்பர் எழுதிட்டு விடுவேன் சார்" என்றார். சரியான பதில் அதற்கு நேர்மாறானது: முதலில் கேட்டைத் திறக்க வேண்டும், வண்டி எந்த பிளாக்குக்குப் போகிறது என்று வழி காட்ட வேண்டும், லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்தி வைக்க வேண்டும், எழுதுவதெல்லாம் பிறகுதான். தீயணைப்பு வண்டிக்கும் அப்படியே. எந்தச் சமயத்தில் ரிஜிஸ்டரைக் கீழே வைக்க வேண்டும் என்று அறிந்தவரே ரிஜிஸ்டரை ஒழுங்காக எழுதுவார் என்பது என் எண்ணம்.

எழுதுவது என்றேன், இந்த நேர்காணலில் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் பகுதி அதுதான். நடந்த சம்பவங்களைக் குறிக்கும் புத்தகத்தை ஆக்கரன்ஸ் புக் என்று காவல் வேலையில் சொல்வார்கள். பல இடங்களில் அது "இரவு டூட்டியில் எந்தப் பிரச்சினையும் இல்லை" என்ற ஒரே வாக்கியத்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிரம்பியிருக்கும். ஆகவே வந்தவர் கையில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, ஒரு காட்சியை வாயால் சொல்லி, அதை எழுதச் சொல்வேன். காட்சி இது: இரவு 2.40 மணி. பி பிளாக்கின் பின்சுவர்ப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்கிறது. டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறீர்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும் விளக்கு எரியவில்லை. சுவரின் அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கிறது. ஆள் யாரும் இல்லை.

பத்துப் பேரிடம் கொடுத்தால் எட்டுப் பேர் எழுதுவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "இரவு சுமார் 2 மணி அளவில் திருடன் ஒருவன் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டான். உடனடியாக நடவடிக்கை எடுக்கப்பட்டது." இந்த இரண்டு வாக்கியங்களில் ஒன்றுகூட உபயோகமில்லை. திருடனை எழுதினவர் பார்க்கவில்லை, சுவர் ஏறியதையும் பார்க்கவில்லை, ஓடியதையும் பார்க்கவில்லை. நேரமோ நாற்பது நிமிஷம் தள்ளிப் போய்விட்டது. என்ன நடவடிக்கை, யார் எடுத்தது என்பதும் இல்லை. பின்னால் போலீஸ் விசாரணை என்று வந்தால், இந்தக் குறிப்பு அவருக்கே விரோதமாகத் திரும்பும்: திருடனைப் பார்த்த நீங்கள் ஏன் சத்தம் போடவில்லை என்று கேட்பார்கள்.

ஆலைத் தொழிலாளி மெதுவாக, எழுத்துக் கூட்டித்தான் எழுதினார். பிழைகளைத் திருத்தி, பொருளை மாற்றாமல் இங்கே தருகிறேன்: "2.40 – பி பிளாக் பின்சுவர்ப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. 2.43 – போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை. சைக்கிள் ஸ்டாண்ட் விளக்கு எரியவில்லை. 12.30 ரவுண்டில் எரிந்தது. சுவரடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, நான் தொடவில்லை. 2.46 – சூப்பர்வைசருக்குப் போன் செய்து சொன்னேன். மெயின் கேட்டை நான் வரும் வரை இன்னொரு கார்டு பார்த்துக்கொண்டார்."

நான் சொல்லாத நான்கு விஷயங்களை அவர் தாமே சேர்த்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். விளக்கு எப்போது கடைசியாக எரிந்தது என்பது முதலாவது. அது காட்சியில் இல்லை, ஆனால் உண்மையான டூட்டியில் அதை எழுதியிருப்பேன் என்று விளக்கினார். பல்பு தானாக அணைந்ததா, யாரேனும் கழற்றினார்களா என்ற விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும். செருப்பைத் தொடவில்லை என்பது இரண்டாவது. யாருக்கு எந்த நேரத்தில் சொன்னார் என்பது மூன்றாவது. நான்காவதுதான் எனக்கு மிகுந்த திருப்தியளித்தது: பின்சுவரில் சத்தம் எழுப்பி மெயின் கேட்டை ஆளில்லாமல் செய்வது பழைய தந்திரம், தாம் நகர்ந்தபோது கேட் யார் பொறுப்பில் இருந்தது என்பதை அவர் மறக்கவில்லை. தனியாக ஒருவரே இருக்கும் இடமாக இருந்தால் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

எழுதும் முறைக்குச் சில நியதிகள் உண்டு. அவற்றையும் கேட்டுப் பார்க்கலாம். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். நினைத்ததை எழுத வேண்டியிருந்தால் "என் எண்ணம்" என்று பிரித்து எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி அழிக்காமல் ஒரே கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். தாளைக் கிழிக்கக் கூடாது. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நடுவில் வரிகளைக் காலியாக விடவும் கூடாது. காமிரா இருக்கும் இடமாக இருந்தால் இன்னும் இரண்டு காரியம் உண்டு. காமிராப் பதிவுக் கருவிகள் இடம் நிரம்பியதும் பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். ஆகவே அந்த நேரத்துப் பதிவைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லிக் காலையிலேயே மேனேஜருக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவுக் கருவியின் கடிகாரம் நம் கடிகாரத்திலிருந்து சில நிமிஷங்கள் தள்ளியிருப்பது சகஜம். அந்த வித்தியாசத்தையும் குறித்து வைத்தால் பின்னால் தேடுகிறவருக்குப் பேருதவியாக இருக்கும். வட மாநிலங்களிலிருந்து வந்து தமிழ் எழுதத் தெரியாத காவலாளிகள் இப்போது பலர் இருக்கிறார்கள்; அவர்கள் ஹிந்தியிலோ தங்கள் பாஷையிலோ அந்த நேரமே எழுதட்டும். காலையில் பிறர் கேட்டு எழுதும் தமிழைவிட, இரவில் அவரே எழுதிய அஸ்ஸாமியக் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

கடைசியாக, டூட்டிக்கு ஒழுங்காக வருவது. "லீவு போட மாட்டீங்களே?" என்ற கேள்வியும் "தூங்க மாட்டீங்களே?" என்பதைப் போலவே பயனற்றது. நான் கேட்பது இரண்டு. முதலாவது: "காலை எட்டு மணிக்கு உங்கள் ரிலீவர் வரவில்லை. என்ன செய்வீர்கள்?" வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "எவ்வளவு நேரமானாலும் இருப்பேன் சார்" என்பார்கள். அதைக் கேட்டு மகிழ்ந்துபோகாதீர்கள். இரவு முழுவதும் விழித்தவர் பகலும் நின்றால், அடுத்த இரவும் அவரே வந்தால், முப்பத்தாறு மணி நேரம் கழித்துக் கேட்டில் இருப்பது அவருடைய உடுப்பு மட்டும்தான். சரியான பதில், எட்டு ஐந்துக்கு ரிலீவருக்குப் போன், எட்டுப் பத்துக்குச் சூப்பர்வைசருக்குப் போன், மாற்று ஆள் வரும் வரை பாயிண்டை விடுவதில்லை, ஆள் வருவதற்குள் எவ்வளவு நேரம் தம்மால் தாங்க முடியும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது. பதினைந்து காவலாளிகளுக்கு ஒரு சூப்பர்வைசராவது இருக்க வேண்டும் என்று மாதிரி விதிகள் சொல்வது இத்தகைய சமயத்துக்காகத்தான். டபுள் டூட்டி என்பது அபூர்வமான ஆபத்துக்கு மருந்தாக இருக்கலாம். மாதத்தில் பாதி நாள் அதுவே நடக்கிறதென்றால், அந்த ஏஜென்சியிடம் போதிய ஆட்கள் இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது: "வீட்டிலிருந்து எப்படி வருவீர்கள்?" எத்தனை மணி பஸ், அது தவறினால் அடுத்தது எப்போது, ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ் ஓடுமா, ஊரில் அம்மன் கொடை எந்த மாதம், அதற்குப் போவீர்களா என்றெல்லாம் பேசிக்கொண்டே போனால், அவர் வராமல் இருக்கப்போகும் நாட்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். "ஆடி மாசம் கொடைக்கு நாலு நாள் போயே ஆகணும் சார்" என்று நேர்காணலிலேயே சொல்கிறவரை நான் நம்பிக்கைக்குரியவர் என்பேன். தெரிந்த நாளுக்கு ஆள் ஏற்பாடு செய்வது எளிது. சொல்லாமல் நின்றுவிடுகிறவரால்தான் முந்தின ஷிஃப்ட்காரர் தவிக்கிறார். பொறுப்பு மாற்றிக்கொள்ளும் முறையையும் இதோடு சேர்த்துக் கேட்பேன். கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வது பொறுப்பு வாங்குவதாகாது. சாவிகளை எண்ணி, டார்ச்சைப் போட்டுப் பார்த்து, ஆக்கரன்ஸ் புக்கில் முந்தின ஷிஃப்டின் குறிப்பைப் படித்து, முடியாமல் நிற்கும் விஷயம் என்ன என்று போகிறவரிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் கையெழுத்து.

இவ்வளவையும் ஒருவரிடம் எதிர்பார்க்கிறோம் என்றால், அவர் நம்மிடம் எதிர்பார்க்க உரிமையுள்ளவை சிலவும் உண்டு. எட்டு மணி நேர வேலை என்பது உலகம் நெடுங்காலம் போராடிப் பெற்ற நியதி. ஆனால் காவல் வேலையில் பன்னிரண்டு மணி நேரம் என்பதே வழக்கமாகிவிட்டது. எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு மூன்று பேர் வேண்டியிருக்க, இரண்டு பேர் சம்பளத்தில் முடித்துக்கொண்டு, பின்னிரவில் ஒருவர் கண் அயர்ந்தார் என்று புகார் எழுதுவது தர்மமாகாது. தூங்கிவிடுவார் என்று நாற்காலியை அப்புறப்படுத்துகிற நிர்வாகங்களும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை அளிக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு சட்டமே திருத்தப்பட்டது. இருக்கையைப் பறிப்பதால் விழிப்பு வருவதில்லை, கால் வீக்கம்தான் வருகிறது. குடிக்கத் தண்ணீர், போவதற்குக் கழிப்பறை, மழைக்கு ஒரு குடை, எரிகிற டார்ச், கழிப்பறைக்குப் போகும் ஐந்து நிமிஷத்துக்கு மாற்றாக நிற்க ஓர் ஆள், இவை எங்களிடம் இருக்கின்றன என்று நாம் நேர்காணலில் சொல்ல முடிய வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

மேற்சொன்ன முறையில் ஒருவரை நேர்காண முக்கால் மணி நேரம் ஆகும். அந்த அவகாசத்தை ஒதுக்குங்கள் என்று சங்கச் செயலாளர்களையும் சிறு நிறுவனங்களின் மேனேஜர்களையும் கேட்டுக்கொள்கிறேன். தேர்ந்தெடுத்த பின் இன்னும் ஒரு கடமை உங்களுக்கு இருக்கிறது. வாரம் ஒருமுறை ஆக்கரன்ஸ் புக்கை வாங்கி, வரி விடாமல் வாசித்து, கேள்வி இருந்தால் எழுதினவரிடமே கேட்டு, அடியில் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். தம் குறிப்பை ஒருவர் வாசிக்கிறார் என்று அறிந்த காவலாளி தொடர்ந்து சிரத்தையோடு எழுதுவார். யாரும் வாசிப்பதில்லை என்று கண்டுகொண்டால், எவ்வளவு நல்லவரும் இரண்டு மாதத்தில் "எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று எழுதத் தொடங்கிவிடுவார்.